சம்பளத் தேதியும் கார்டு பில்லும்: கெடு தேதியை மாற்றக் கேட்டு வங்கிக்கு எழுதும் கடிதம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய வங்கிகள் தரும் கிரெடிட் கார்டுகளுக்கு இந்தப் பக்கம் பொருந்தும். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்தான்: சம்பளம் 1ஆம் தேதி, கார்டு பில் 5ஆம் தேதி, பணம் கட்டக் கெடு 25ஆம் தேதி.

டியூ டேட்டை மாத்திக் கொடுங்கன்னு கேட்க நமக்கு உரிமை இருக்கா, இல்ல பேங்க் மனசு வச்சாத்தானா?

உரிமை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கார்டு விதிமுறைகள், வாடிக்கையாளர் தன் வசதிக்கேற்ப, ஒரு பில் தேதி முதல் அடுத்த பில் தேதி வரையான பில்லிங் சுழற்சியை ஒருமுறை மாற்றிக்கொள்ள வழி தர வேண்டும் என்றன. 2024 மார்ச் 7 அன்று வந்த திருத்தம் அதைக் "குறைந்தது ஒருமுறை" என்று ஆக்கியது.

"வசதிக்கேற்ப" என்பதுதான் நமக்கு முக்கியம். காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டோ நிறுவனத்தின் கடிதமோ இணைக்க வேண்டாம்; தேவையில்லாத தாளைக் கொடுத்தால் அதைச் சரிபார்க்கிறோம் என்று நாள் கடத்த ஒரு சாக்குக் கிடைக்கும்.

அப்போ "என் டியூ டேட்டை 5ஆம் தேதிக்கு மாத்துங்க"ன்னு ஒரு வரி எழுதினா போதாதா?

பெரும்பாலும் போதாது. கோரிக்கை சுற்றிச் சுற்றி வருவதற்கு இந்த ஒரு வரிதான் காரணம். வங்கியின் கணினியில் மாற்றப்படுவது பில் போடும் தேதி. கெடு தேதி அதன் பின்னால் தானாக வரும். அதனால் எந்த நாளில் பில் போட வேண்டும் என்று நாம்தான் பின்னோக்கி எண்ணிச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடைசி மூன்று பில்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் Statement Date, Payment Due Date என்று இரண்டு தேதிகள் அச்சாகியிருக்கும். இடையில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். நம் உதாரணத்தில் 5க்கும் 25க்கும் இடையே 20 நாள். கெடு 5ஆம் தேதி வாக்கில் வர வேண்டுமென்றால் பில் 16ஆம் தேதி போடப்பட வேண்டும். 31 நாள் மாதத்தில் 16ஆம் தேதி பில் போட்டால் கெடு அடுத்த மாதம் 5. 30 நாள் மாதமென்றால் 6. பிப்ரவரி 28 நாளில் முடிந்தால் மார்ச் 8.

கெடு இப்படி மாதத்துக்கு மாதம் சில நாள் நகர்வது தவறில்லை. நாள் இடைவெளியை நிலையாக வைக்கும் வங்கிகளில் இது இயல்பு. மூன்று பில்லிலும் கெடு ஒரே தேதியாக இருந்து இடைவெளி மட்டும் மாறினால், உங்கள் வங்கி கெடுவை நிலையாக வைக்கிறது என்று பொருள். அப்போது நகர்வைப் பற்றிக் கவலையே இல்லை.

சம்பளம் 1ஆம் தேதின்னா டியூவை 1 இல்லன்னா 2 வச்சுக்கலாமா?

வேண்டாம். 1ஆம் தேதி ஞாயிறாக இருந்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவு திங்களன்று சம்பளக் கோப்பை அனுப்பினால் கெடு உங்களை முந்திவிடும். வேறொரு வங்கிக் கணக்கிலிருந்து கார்டுக்குக் கட்டும் பணம் கார்டு கணக்கில் ஏறவும் ஒன்றிரண்டு நாள் ஆகலாம். சம்பளத்துக்கு 4, 5 நாள் தள்ளிக் கெடு இருப்பது நல்லது.

ரொம்பவும் தள்ளக் கூடாது. வாடகை, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் எல்லாம் 10ஆம் தேதிக்குள் கணக்கைக் காலி செய்துவிடும். 15ஆம் தேதிக் கெடு என்பது பழைய 25ஆம் தேதித் தொல்லையின் தம்பிதான். சம்பளம் 7ஆம் தேதி வருபவர்கள் பில்லை 22ஆம் தேதிக்குக் கேட்டால், 20 நாள் இடைவெளியில் கெடு 11 அல்லது 12 ஆகும்.

தேதியை மாத்தாமலே சமாளிக்க முடியாதா?

முடியும், கை கட்டுப்பாடு இருந்தால். நம் உதாரணத்தில் பில் 5ஆம் தேதியே வந்துவிடுகிறது, அப்போது சம்பளமும் கணக்கில் இருக்கிறது. அன்றே கட்டிவிட்டால் 25ஆம் தேதியைப் பற்றி நினைக்க வேண்டாம். கெடு வரை காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கடிதம் உண்மையில் உதவுவது இரண்டு பேருக்கு. ஒருவர், ஆட்டோ டெபிட் வைத்திருப்பவர்; அது கெடு தேதியன்றுதான் பணம் எடுக்கும், அன்று கணக்கில் பணம் இல்லையென்றால் திரும்பிவிடும். மற்றவர், பில் 12 அல்லது 15ஆம் தேதி வந்து, அதற்குள் சம்பளம் கரைந்துபோகிறவர்.

ஆப்லயே மாத்தலாம்னு சொல்றாங்களே, கடிதம் எதுக்கு?

ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ வசதி இருந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு நிமிட வேலை. உதவி எண், மின்னஞ்சல், ஐ.வி.ஆர்., நெட் பேங்கிங், மொபைல் ஆப் எனப் பல வழிகளில் இந்த வசதியைத் தர வேண்டும் என்பதுதான் 2024 திருத்தத்தின் எண்ணமும். ஆப்பில் வசதி இல்லாதபோது, நீங்கள் கேட்கும் தேதி பட்டியலில் இல்லாதபோது, போனில் "முடியாது" என்றபோது கடிதமோ மின்னஞ்சலோ வேண்டும். பிற்பாடு தாமதக் கட்டணத்தைப் பற்றித் தகராறு வந்தால் கையில் இருக்கும் சான்றும் அதுதான். போனில் பேசியது நம்மிடம் இருப்பதில்லை.

கடிதத்துல என்னென்ன எழுதணும்? ஒரு மாதிரி கொடுங்களேன்.

ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். கஷ்டங்களை விவரிக்க வேண்டாம்.

> பெறுநர்: கிரெடிட் கார்டு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, (வங்கியின் பெயர்)
>
> பொருள்: கிரெடிட் கார்டு பில்லிங் சுழற்சியை மாற்றக் கோருதல். கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள்: ____
>
> ஐயா / அம்மையீர்,
>
> மேற்கண்ட கார்டுக்கு இப்போது மாதந்தோறும் 5ஆம் தேதி பில் போடப்படுகிறது; கெடு 25ஆம் தேதி. எனக்குச் சம்பளம் 1ஆம் தேதி வருவதால், பில் தேதியை 16ஆம் தேதிக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாவிட்டால் 15 முதல் 18 வரை உங்களிடம் உள்ள எந்தத் தேதியும் எனக்குச் சம்மதம்.
>
> இது ரிசர்வ் வங்கியின் கார்டு விதிமுறைகளில் உள்ள வாய்ப்பின்படி நான் செய்யும் முதல் கோரிக்கை. கார்டில் கெடு தாண்டிய நிலுவை எதுவும் இல்லை.
>
> மாற்றம் எந்த பில்லிலிருந்து அமலாகும், இடைப்பட்ட பில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அதன் கெடு என்ன என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பதிவு செய்த கைபேசி எண், தேதி, கையொப்பம்)

"15 முதல் 18 வரை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். சில வங்கிகள் மாதத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே பில் போடும். ஒரே தேதியைக் கேட்டால் "அந்தத் தேதி இல்லை" என்று கோரிக்கையை மூடிவிடுவார்கள், நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முழு கார்டு எண், சி.வி.வி., ஓ.டி.பி., பின் இவற்றில் எதையும் எழுதக் கூடாது. தேதி மாற்ற அவை யாருக்கும் தேவைப்படாது.

எங்கே அனுப்பணும்? கிளையில கொடுத்தா வாங்கிக்குவாங்களா?

பில்லில் அச்சாகியிருக்கும் கார்டு சேவை மின்னஞ்சலுக்கு, வங்கியில் பதிவு செய்துள்ள உங்கள் மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். வேறு முகவரியிலிருந்து போனால் அடையாளம் சரிபார்க்க முடியவில்லை என்று திரும்பும். பதிலில் வரும் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கார்டுப் பிரிவு பெரும்பாலும் கிளையோடு சேர்ந்தது அல்ல. கிளையில் கொடுத்தால் வாங்கி அனுப்பி வைப்பார்கள், அவ்வளவுதான். கொடுப்பதானால் இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறொரு நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து வரும் கார்டுகளில் குழப்பம் வரும். கடைக்காரரோ ஷாப்பிங் ஆப்போ கார்டை விற்றிருக்கலாம், கார்டை வழங்கியது வங்கி. கடிதம் போக வேண்டியது அந்த வங்கிக்கே.

எப்போ அனுப்பினா நல்லது? இடையில ஒரு மாசம் பில்லே வராதா, இல்ல ரெண்டு பில் வருமா?

நடப்பு பில்லை முழுதாகக் கட்டிய பிறகு, அடுத்த பில் தேதிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால். நம் உதாரணத்தில் 25ஆம் தேதிக் கெடுவை ஒட்டி, 28ஆம் தேதிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாறும் மாதத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். ஜூலை 5 பில்லை நீங்கள் ஜூலை 25க்குள் கட்டிவிட்டு 26ஆம் தேதி கோரிக்கை அனுப்புகிறீர்கள். வங்கி உடனே மாற்றினால் ஆகஸ்ட் 5 பில் வராது. ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 16 வரை 42 நாளுக்கு ஒரே பில் வரும், கெடு செப்டம்பர் 5. தாமதமாக மாற்றினால் ஆகஸ்ட் 5 பில் வழக்கம்போல் வந்து 25ஆம் தேதி கெடு வைக்கும். அதன் பிறகு ஆகஸ்ட் 6 முதல் 16 வரை 11 நாளுக்கு ஒரு குட்டி பில், கெடு செப்டம்பர் 5.

நாளுக்குச் சராசரியாக ரூ.600 கார்டில் செலவு செய்பவர் என்றால் நீண்ட பில் சுமார் ரூ.25,200. வழக்கமான ரூ.18,000ஐ எதிர்பார்த்திருந்தவருக்கு இது அதிர்ச்சி. ஆகஸ்ட் மாதம் கார்டுக்கு எதுவும் கட்ட வேண்டியிருக்காது, அந்தச் சம்பளத்தில் மிச்சம் இருப்பதுபோலத் தெரியும். அந்த மிச்சம்தான் செப்டம்பர் 5க்கான பணம். ஆகஸ்ட் சம்பளத்தில் ரூ.7,000, 8,000 தனியாக எடுத்து வைக்காதவர்கள் புதிய தேதியின் முதல் பில்லிலேயே தடுக்கி விழுகிறார்கள். இரண்டாவது வகையில் 11 நாளுக்குள் இரண்டு கெடு, ரூ.18,000 ஒன்று, ரூ.6,600 ஒன்று. எது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கடிதத்தின் கடைசிப் பத்தி.

இன்னொரு சின்ன விஷயம்: சில கார்டுகளில் கேஷ்பேக் உச்சவரம்பு பில்லிங் சுழற்சிக்கு இவ்வளவு என்று இருக்கும். 42 நாளானாலும் வரம்பு அதேதான். பெரிய செலவு இருந்தால் புதிய சுழற்சி தொடங்கிய பின் வைத்துக்கொள்ளலாம்.

கோரிக்கை கொடுத்தாச்சு. இப்போ கையில இருக்கிற பில்லோட டியூவும் தள்ளிப்போயிடுமா?

தள்ளிப்போகாது. ஏற்கெனவே போடப்பட்ட பில்லில் என்ன கெடு அச்சாகியிருக்கிறதோ அதற்குள் கட்டியே ஆக வேண்டும். "கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்தாலும் அப்படித்தான். தாமதக் கட்டணத் தகராறுகளில் வாடிக்கையாளர் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்.

ஆட்டோ டெபிட், இ.எம்.ஐ. எல்லாம் என்ன ஆகும்?

கார்டு வங்கியிலேயே போட்ட ஆட்டோ டெபிட் பொதுவாகப் புதிய கெடுவைப் பின்பற்றும். ஆனால் நீங்களே வேறொரு வங்கியிலோ பில் கட்டும் ஆப்பிலோ "மாதம் 24ஆம் தேதி இவ்வளவு" என்று போட்டு வைத்த உத்தரவு பழைய தேதியிலேயே நிற்கும். அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். முதல் புதிய பில்லுக்கு மட்டும் ஆட்டோ டெபிட்டை நம்பாமல், கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் கணக்கைப் பாருங்கள்.

கார்டில் ஓடும் இ.எம்.ஐ. தவணை பில் தேதியன்று பில்லில் சேரும். பில் தேதி நகர்ந்தால் தவணையும் நகரும், இடைப்பட்ட நாட்களுக்குக் கொஞ்சம் வட்டி கூடலாம். இ.எம்.ஐ. இருக்கும்போது தேதி மாற்றத்தை ஏற்காத வங்கியும் உண்டு. அப்படியானால் தவணை எப்போது முடிகிறது என்று பார்த்து அதன் பிறகு கேளுங்கள்.

போன மாச பாக்கி இருக்கு. தேதியை மாத்தினா பத்து நாள் மூச்சு விடலாம்ல?

மூச்சு விடலாம், வட்டி நிற்காது. முழுத் தொகையும் கட்டாத கார்டில் வட்டியில்லாக் காலம் போய்விடும், வட்டி நாள் கணக்கில் ஓடும். ஆண்டுக்கு 42 சதவீதம் வட்டி உள்ள கார்டில் ரூ.20,000 பாக்கி 11 நாள் கூடுதலாக நின்றால் சுமார் ரூ.253 வட்டி, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தேதி மாற்றம் கடனைக் குறைக்கும் வழி அல்ல. கெடு தாண்டிய பாக்கி இருக்கும்போது பல வங்கிகள் கோரிக்கையை எடுத்துக்கொள்வதும் இல்லை.

டியூ முடிஞ்சு மூணு நாள் வரைக்கும் பரவாயில்லைன்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?

பாதி உண்மை. கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதிமுறையிலேயே இருக்கிறது. ஆனால் மூன்று நாளைத் தாண்டினால் தாமத நாள் எண்ணிக்கை பில்லில் உள்ள கெடுவிலிருந்தே தொடங்கும். சலுகை தாமதக் கட்டணத்துக்கும் கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிப்பதற்கும்தான். கெடுவுக்குள் முழுத் தொகை கட்டினால் கிடைக்கும் வட்டி விலக்கு வேறு கணக்கு. எப்போதாவது ஒருமுறை தவறினால் காப்பாற்றும், மாதாமாதம் 28ஆம் தேதி கட்டலாம் என்று நினைப்பவருக்கு உதவாது. 25ஆம் தேதிக் கெடுவுக்கு 1ஆம் தேதிச் சம்பளம் எப்படியும் அந்த மூன்று நாளுக்கு வெளியேதான்.

சிபில் ஸ்கோர் குறையுமா?

குறையாது. இது புதுக் கடன் விண்ணப்பம் அல்ல.

ரெண்டு கார்டு இருக்கு. ரெண்டையும் ஒரே தேதிக்கு மாத்தவா?

வெவ்வேறு வங்கிக் கார்டென்றால் தனித்தனிக் கடிதம். இரண்டு கெடுவும் சம்பளத்தை அடுத்து வரட்டும், ஆனால் ஒரே நாளாக வேண்டாம்; 5, 8 என்று இருந்தால் ஒன்றின் ஆட்டோ டெபிட் மற்றதின் பணத்தை எடுத்துவிடாது. ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கு ஒரே பில் தேதி வைத்திருக்கும் வங்கியும் உண்டு. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறுமா என்று கடிதத்திலேயே கேளுங்கள். குடும்பத்தாருக்கு வாங்கிக் கொடுத்த கூடுதல் கார்டு முதன்மைக் கார்டின் தேதியையே பின்பற்றும்.

பதிலே வரல. இல்லன்னா "எங்க பாலிசில இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. அடுத்து?

அதே மின்னஞ்சல் தொடரில், பழைய கோரிக்கை எண்ணோடு, வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள்; அவருடைய முகவரி வங்கி இணையதளத்தில் இருக்கும். இந்த முறை தலைப்பில் "கோரிக்கை" என்பதை எடுத்துவிட்டு "புகார்" என்று எழுதுங்கள். புகாராகப் பதிவானால்தான் அடுத்த படிக்குக் கணக்கு ஓடும். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தி தரவில்லையென்றாலும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். தகவலுக்கு 14448 என்ற எண் உண்டு. மறுப்பு மின்னஞ்சலை இணைக்க மறக்காதீர்கள். போனில் மட்டும் மறுத்திருந்தால், "இன்ன தேதி, இன்ன நேரம் மறுத்தீர்கள், காரணத்தை எழுத்தில் தரவும்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டால் அதுவே ஆவணம்.

நீங்கள் கேட்ட தேதியை வங்கி தராமல் வேறு தேதிகளைத் தந்தால் அது மறுப்பு ஆகாது. சம்பளத்துக்குப் பின் வருகிற மிக அருகிலுள்ள தேதியை எடுத்துக்கொண்டு போவதே நல்லது.

ஆப்ல புதுத் தேதி காட்டுது, பில் மட்டும் பழைய தேதியில வந்து லேட் ஃபீயும் போட்டுட்டாங்க. என்ன பண்றது?

முதலில் பில்லைக் கட்டுங்கள், தகராறு பிறகு. பிறகு மூன்று படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆப்பில் புதிய தேதி தெரியும் திரை, கோரிக்கையை ஏற்ற எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல், பழைய கெடு அச்சான பில். எந்த பில்லிலிருந்து மாற்றம் அமலாகும் என்று வங்கி எழுத்தில் சொன்னதோ, அந்த பில்லுக்குப் பழைய கெடு போட்டிருந்தால் கட்டணத்தையும் அதன் மேல் போட்ட ஜி.எஸ்.டி.யையும் திருப்பிக் கேட்கலாம். அதற்கு முந்தைய பில் என்றால் முன்பு சொன்னதுதான்: அச்சான கெடுவே செல்லும்.

முதல் புதிய பில்லில் காலவரம்பையும் பாருங்கள். பழைய பில் முடிந்த நாளுக்கு மறுநாள் புதியது தொடங்க வேண்டும். ஒரே செலவு இரண்டு பில்லிலும் வந்திருந்தால் அது இந்த ஒட்டு இடத்தில்தான் இருக்கும்.

இப்போ மாத்திட்டேன். ஆறு மாசத்துல வேற கம்பெனி போறேன், அங்கே சம்பளம் 7ஆம் தேதி. மறுபடி கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் இரண்டாவது முறை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விதி உறுதி செய்வது ஒருமுறையை மட்டும்; அதற்கு மேல் சில வங்கிகள் தருகின்றன, சில தருவதில்லை. வேலை மாறும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால் கடிதத்தை இப்போது செலவழிக்காமல், பில் வந்த நாளே கட்டும் முறையில் சில மாதம் ஓட்டுங்கள். அதற்குள் மாற்றிவிட்டீர்கள், வங்கியும் மறுக்கிறது என்றால், கெடு 5ஆம் தேதியாகவே இருக்கட்டும். 7ஆம் தேதிச் சம்பளத்திலிருந்து அடுத்த மாத பில்லுக்கான தொகையை அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டு, ஆட்டோ டெபிட்டை அந்தக் கணக்கில் வையுங்கள்.